ஆயிரம் காயில் தேறுவது எத்தனை?

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் பேருந்து இறங்கிப் பழவங்காடி கணபதி கோயிலை நோக்கி நடந்தால், தேங்காய் உடையும் சத்தம்தான் முதலில் வரவேற்கும். திருவிதாங்கூர் நாயர் பட்டாளத்தோடு ஒட்டி வளர்ந்து, இன்று இந்திய ராணுவத்தின் பொறுப்பில் இருக்கும் கோயில் இது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதே இங்கே முதன்மையான நேர்ச்சை. நாகர்கோவில், திருநெல்வேலி பக்கத்தார் இதை விடலை போடுவது என்பார்கள். வேலை கிடைத்தாலும், கல்யாணம் கூடினாலும், பிள்ளை தேர்வு எழுதப் போனாலும் ஒரு விடலை.

கேரளத்து வீடுகளுக்குத் தேங்காய் இன்று பெரும்பாலும் கிலோக் கணக்கில் தராசில் ஏறித்தான் போகிறது. கோயில் வாசலில் மட்டும் அது இன்னமும் ஒற்றைக் காய். பிள்ளையாருக்கு யாரும் அறுநூறு கிராம் தேங்காய் உடைப்பதில்லை. ஒன்று உடைக்கிறார்கள், மூன்று உடைக்கிறார்கள், வசதியும் வேண்டுதலும் பெரிதென்றால் நூற்றொன்று உடைக்கிறார்கள். ஆகவே தோப்பில் ஆயிரக்கணக்கில் வாங்கிக் கடையில் ஒன்றொன்றாக விற்கும் பழைய வியாபாரம், அதன் முழு லாப நட்டத்தோடு இங்கே உயிரோடு இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் போட்ட கணக்குத்தான். ஆயிரம் தேங்காய் 22,000 ரூபாய்க்கு வாங்கி, காய் 32 ரூபாய்க்கு விற்றால் லாபம் என்ன? காய்க்கு 10 ரூபாய், ஆயிரத்துக்கு 10,000 ரூபாய், வாங்கிய விலையில் 45 சதவீதத்துக்கும் மேல். வாத்தியார் சரி போட்டு நோட்டைத் திருப்பித் தருவார். இதே கணக்கைக் கோயிலுக்கு அருகே உள்ள சாலைக் கடைத்தெருவில் போட்டு முதல் போட்டவர், ஐந்தாம் நாள் பெட்டியில் பாதி லாபம்கூட இல்லையே என்று திகைப்பார். களவு போகவில்லை, வேலையாள் ஏமாற்றவில்லை. ஆயிரம் காயும் விற்கும் என்று எழுதியதுதான் பிழை.

மீதி எங்கே போயிற்று என்று ஒரு சுமையைத் தோப்பிலிருந்து கோயில் வாசல்வரை பின்தொடர்ந்து பார்ப்போம். கணக்குக்காக ஓர் அண்ணாச்சியை வைத்துக்கொள்வோம். சாலையில் தமிழ் வியாபாரிகளுக்குப் பஞ்சமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் இந்தக் கடைத்தெருவை அமைத்தார். கன்னியாகுமரியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள் தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள். நம் அண்ணாச்சியும் அப்படி ஒருவர். நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் மட்டையோடு ஆயிரம் காய் எடுக்கிறார். இனி வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்கானவை. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் கணக்கின் நடை மாறாது.

மட்டை என்னும் சுமை

மட்டையோடு ஒரு நெற்றுக்காய் ஏறக்குறைய ஒரு கிலோ, சற்றுக் கூடவும் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மட்டை. ஆக, அண்ணாச்சியின் வண்டியில் ஏறும் 1,100 கிலோ சரக்கில் 400 கிலோவாவது அவர் ஒற்றைக் காயாக விற்கவே முடியாத பொருள். வண்டி வாடகை 1,200 ரூபாய் என்றால் அதில் சுமார் 400 ரூபாய் மட்டைக்குக் கொடுத்த கூலி.

அப்படியானால் தோப்பிலேயே உரித்து ஏற்றலாமே என்று தோன்றும். பலர் அப்படிச் செய்யவும் செய்கிறார்கள். ஆனால் மட்டை வெறும் சுமை அல்ல, காய்க்கு அதுதான் மெத்தை. மட்டையோடு எறிந்து ஏற்றினாலும் பெரும்பாலும் ஓடு தாங்கும். உரித்த காய் வண்டி குலுங்கும்போது ஒன்றோடொன்று மோதிக் கீறல் விடும். மிச்சமாகும் 400 ரூபாயை 32 ஆல் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டரை வருகிறது. வழியில் 13 காய் கூடுதலாகக் கீறி, அவை ஒன்றுக்கும் உதவாமல் போனால் வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கேயே தீர்ந்தது. ஆயிரத்தில் 13 என்பது நெடுஞ்சாலையில் இரண்டு பெரிய பள்ளம். உரித்த காயைச் சாக்கில் இறுகக் கட்டி நிதானமாக ஓட்டிவரும் வண்டி உறுதி என்றால் தோப்பில் உரிப்பதில் லாபம் உண்டு. இல்லாவிட்டால் மட்டையின் வாடகை, வீண்செலவல்ல.

உரித்த பிறகு மட்டைக்கு என்ன கதி என்பது அடுத்த கேள்வி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் வடக்கே கடலோரமாக அஞ்சுதெங்கு இருக்கிறது. ஐந்து தென்னை என்று பெயரிலேயே தேங்காயைச் சுமக்கும் ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டிய இடம். அஞ்சுதெங்குக் கயிறு என்றே ஒரு தரம் வியாபாரத்தில் பேர்பெற்றிருந்தது. காயலில் பச்சை மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டு அடித்து எடுக்கும் வெள்ளை நார் அது. முற்றிக் காய்ந்த நெற்றின் மட்டை அந்த வேலைக்கு ஆகாது. அது பழுப்பு நார் அடிக்கும் ஆலைக்குப் போகும். ஆயிரம் மட்டையில் சுமார் 80 கிலோ நார் தேறும் என்பது கயிறுத் தொழிலின் தோராயக் கணக்கு.

இவ்வளவு இருந்தும் நகரத்துக்குள் உரித்த மட்டைக்கு எடுப்பார் இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மட்டை ஒன்று 80 காசுக்குப் போனால் அண்ணாச்சிக்கு 800 ரூபாய் வரவு. எடுக்க ஆள் இல்லாமல் அது கடை ஓரம் குவிந்து மழையில் ஊறினால், அதை அப்புறப்படுத்த 300 ரூபாய் செலவு. வரவு 800 செலவு 300 ஆக மாறும்போது வித்தியாசம் 1,100 ரூபாய். அவருடைய மொத்த லாபம் எவ்வளவு என்று பின்னால் பார்க்கும்போது இந்த 1,100 எத்தனை பெரிது என்பது தெரியும். நம் அண்ணாச்சிக்கு மட்டை எடுக்க ஆள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

பாரையின் முனையில்

மண்ணில் நட்ட பாரை, அதன் கூர்முனை மேலே பார்த்து நிற்கிறது. உரிப்பவர் காயை இரு கையாலும் பிடித்து முனையில் குத்தி, ஒரு முறுக்கு முறுக்கினால் மட்டையில் ஒரு பட்டை பிரிகிறது. மூன்று நான்கு குத்தில் காய் வெளியே வந்துவிடும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் கேரமித்ரா என்று ஒரு கைக்கருவி செய்தது. வீட்டில் இரண்டு காய் உரிக்க அது அருமையான உதவி. ஆயிரக்கணக்கில் உரிக்கிற இடத்தில் இன்றும் பாரைதான்.

முனை எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். மட்டை தடித்த நீளக்காயில் ஆழமாகக் குத்தலாம். மட்டை மெலிந்த உருண்டைக்காயில் அதே வேகத்தில் குத்தினால் முனை ஓட்டைத் தொட்டுவிடும். சுமையில் இரண்டு சாதியும் கலந்து வரும்போது கை ஒரே தாளத்தில் ஓடினால் உருண்டைக்காய்கள் அடிபடும். உரிப்புக் கூலி காய்க் கணக்கில் கொடுக்கப்படுவதால் கை ஓடத்தான் செய்யும். உரிப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேகத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

காய்க்கு 1 ரூபாய் 20 காசு என்று 1,200 ரூபாய் கூலி. உரித்து முடித்தபோது அழுகலும் பேடுமாக 10 காய் கழிந்தன. பேடு என்றால் மட்டை பார்க்க நன்றாக இருந்தும் உள்ளே பருப்புப் பிடிக்காத காய். பாரை பட்டு ஓடு கீறியவை 18. இந்த 18 காயும் அன்றே தேநீர்க்கடைக்கோ உணவகத்துக்கோ போனால் ஒன்று 15 ரூபாய் பெறும். அதாவது ஒவ்வொரு கீறலும் 17 ரூபாய் நட்டம்.

இங்கே ஒரு சிறு கணக்கு. உரிப்பவருக்குக் காய்க்கு 15 காசு கூட்டிக் கொடுத்து, பார்த்து உரிக்கச் சொன்னால் என்ன ஆகும்? கூடுதல் செலவு 150 ரூபாய். கீறல் 18 லிருந்து 9 ஆகக் குறைந்தால் 153 ரூபாய் மிச்சம். கணக்கு நேராகிவிடுகிறது. அதற்கும் கீழே இறங்கினால் அண்ணாச்சிக்கு லாபம், உரிப்பவருக்கும் லாபம். கூலி கூட்டுவதை எப்போதும் செலவாகவே எழுதிப் பழகிய வியாபாரிகள் இந்த வரியை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உரிக்கும்போது இன்னொரு முடிவும் எடுக்கிறார்கள். கண் இருக்கும் முனையில் கொஞ்சம் நாரை விட்டு வைப்பதுதான் குடுமி. பூஜைக்குக் குடுமித் தேங்காய் வேண்டும் என்று கேட்பது சடங்கு மட்டுமில்லை. தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது. முளை வெளியே வரும் வழி அதுதான். அழுகல் உள்ளே போகும் வழியும் அதுவே. குடுமி அந்த வாசலை மூடி வைக்கிறது. பளிச்சென்று இருக்கட்டும் என்று நாரை முழுக்க வழித்துவிட்ட காய் பார்க்க அழகாக இருக்கும், சீக்கிரம் கெடும்.

வெயில் உடைக்கும் காய்

உரித்த காய் கடைக்கு வந்த பிறகும் உடைந்துகொண்டே இருக்கும் என்பது இந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. யாரும் தொடாமல், யாரும் போடாமல், வைத்த இடத்திலேயே டப்பென்று ஒரு சத்தம். மட்டை இருந்தவரை ஓட்டுக்கு நிழலும் ஈரமும் இருந்தன. அது போனதும் ஓடு காய்ந்து இறுகுகிறது. உள்ளே பருப்பு இடம் விடுவதில்லை. நண்பகல் வெயில் நேரே படும் மேசையில் அடுக்கி வைத்தால் ஓடு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே விரிகிறது. சிரட்டையிலும் பருப்பிலும் ஓடும் அந்த இழை கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிதாக இருக்கலாம். ஆனால் தண்ணீர் கசியத் தொடங்கிவிடும்.

இதற்குத்தான் கடைக்காரர்கள் ஈரச் சாக்கைப் போர்த்துகிறார்கள், அவ்வப்போது தண்ணீர் தெளிக்கிறார்கள். அளவு மீறித் தெளித்தால் குடுமி ஊறிக் கண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். கைப்பிடி ஈரம் போதும். நிழலும் காற்றும் அதைவிட நல்ல மருந்து.

கீறிய காயை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு காயை ஒன்றோடொன்று மெல்லத் தட்ட வேண்டும். நல்ல காய் கணீரென்று ஒலிக்கும். கீறிய காயின் ஓசை உடைந்த மண்பானை போல மொத்தென்று விழும். குலுக்கிப் பார்ப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சத்தமே வராத காய் இரண்டு வகை. கனமாக இருந்து சத்தம் இல்லையென்றால் அது முற்றாத காய். உள்ளே தண்ணீர் நிரம்பி நிற்பதால் அலம்ப இடமில்லை. லேசாக இருந்து சத்தம் இல்லையென்றால் தண்ணீர் எங்கோ வழியாகப் போய்விட்டது. முதல் வகையைச் சமையலுக்கு விற்கலாம். இரண்டாவதைக் கோயிலுக்குக் கொடுத்தால் அன்றைக்கு வியாபாரத்தின் பேர் கெடும். எறும்பு ஏறிய காய், நாரில் ஈரக்கறை படிந்த காய், கண்ணருகே மூக்கை வைத்தால் புளித்த வாடை அடிக்கும் காய் ஆகியவற்றைத் தட்டிப் பார்க்கவே வேண்டாம்.

நேரம்தான் இங்கே காசு. காலையில் விரிந்த காயை மாலைக்குள் கண்டால் அது 10 ரூபாய்ப் பொருள். உடைத்துத் துருவிப் பார்த்தால் பருப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். இந்த ஊரின் வெக்கையில் மறுநாள் பார்த்தால் பருப்பு கொழகொழத்துப் புளித்திருக்கும், சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. அண்ணாச்சியின் கடையில் ஐந்து நாளில் வெயில் உடைத்தவை 14. அதில் 8 காய் மாலைக்குள் கண்ணில் பட்டு 80 ரூபாய் தந்தன. 6 காய் அடுக்கின் அடியில் இருந்ததால் தெரியாமலே புளித்தன. மாலைதோறும் அடுக்கைப் பிரித்துத் தட்டிப் பார்த்து மறுபடி அடுக்குவது இடுப்பை ஒடிக்கும் வேலை. ஆனால் அந்த 6 காயை மீட்க வேறு வழி கிடையாது.

கீறிய காயைக் கொப்பரை ஆக்கினால் என்ன? ஒரு காயில் சராசரி 150 கிராம் கொப்பரை தேறும். 2025 பருவத்துக்கு அரைவைக் கொப்பரையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த விலையில் ஒரு காயின் கொப்பரை ஏறக்குறைய 17 ரூபாய். உணவகம் தரும் 15 ஐ விட இரண்டு ரூபாய் கூட. ஆனால் அதற்கு ஐந்தாறு நாள் நல்ல வெயில் வேண்டும். இடவப்பாதி மழை பிடித்த ஜூன் மாதத்திலோ துலாமழை பெய்யும் அக்டோபரிலோ திருவனந்தபுரத்தில் அந்த வெயிலைக் கடன் வாங்கவும் முடியாது. பத்துப் பதினைந்து காயின் கொப்பரையை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளும் ஆலையும் இல்லை. சந்தை விலை எகிறினால் கதை வேறு. 2025 நடுவில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது கீறிய காய்க்கும் திடீரென்று மரியாதை வந்தது. ஆனால் அப்போது தோப்பில் நல்ல காயின் விலையும் கூடவே ஏறியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

கோயில் வாசலில்

உரித்ததும் அண்ணாச்சி காயைத் தரம் பிரிக்கிறார். பெரியது 32 ரூபாய், சிறியது 26. வீட்டுக்காரர் பெரிய காய் கேட்பார், சட்னிக்கும் அவியலுக்கும் பருப்பு வேண்டுமே. விடலை போட வருகிறவருக்கு அளவு பெரிதில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். இருபத்தொரு காய் உடைக்க நேர்ந்துகொண்டவர் சிறிய காயை மகிழ்ச்சியோடு வாங்கிப் போவார். சமையலறையில் தள்ளுபடியாகும் சிறிய காய்க்குப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் இருப்பதே ஒரு பாதுகாப்பு. ஆனால் கோயிலுக்குப் போகும் காய் அழுகக் கூடாது, கீறக் கூடாது. உடைத்த இடத்தில் அழுகல் நாற்றம் வந்தால் அது வெறும் கெட்ட காய் அல்ல, கெட்ட சகுனம். உடைத்தவர் முகம் வாடித் திரும்பி வருவார்.

“அண்ணாச்சி, காய் அழுகிப் போச்சு.”

“மன்னிச்சுக்கோங்கம்மா. இந்தாங்க, இத போய் உடைங்க.”

மறுபேச்சில்லாமல் மாற்றுக் காய் கொடுப்பதுதான் அந்த வாசலின் முறை. இந்தச் சுமையில் அப்படித் திரும்பியவை 6. இவற்றுக்கு விலையும் இல்லை, மிச்சமும் இல்லை.

கார்த்திகை மாதம் பிறந்து சபரிமலை மண்டல காலம் தொடங்கும்போது சோதனை இன்னும் கடுமையாகும். இருமுடிக்கு நெய்த்தேங்காய் வேண்டும். நாரைச் சுரண்டி வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்து, தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே நெய் நிரப்பி அடைப்பார்கள். மயிரிழைக் கீறல் இருந்தாலும் நெய் கசிந்து காட்டிக் கொடுத்துவிடும். நாற்பத்தொரு நாள் விரதமிருந்து கட்டு நிறைக்கும் ஒருவரின் இருமுடி கசிந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்தால், அந்த நாட்களில் கடைக்காரர்கள் ஒவ்வொரு காயையும் ஏன் இரண்டு தடவை தட்டுகிறார்கள் என்பது புரியும். அதற்கேற்ற விலையும் அந்தக் காய்க்குக் கிடைக்கிறது.

மாசியில் ஆற்றுகால் பொங்காலை வரும்போது நிலைமை தலைகீழ். அன்று வேண்டியது பாயசத்துக்குத் துருவல். ஓடு கீறியிருக்கிறதா என்று அடுப்பு மூட்டப் போகிறவர் பார்ப்பதில்லை, பருப்பு நல்லதா என்றுதான் பார்ப்பார். ஒரே கீறல் கார்த்திகையில் முழு நட்டமாகவும் மாசியில் சில ரூபாய்க் குறைவாகவும் முடிகிறது.

பெட்டியைத் திறந்தால்

இப்போது கூட்டிப் பார்க்கலாம். காய் வாங்கியது 22,000, வண்டி வாடகை 1,200, ஏற்றி இறக்கும் சுமட்டுக்கூலி 400, உரிப்பு 1,200, ஐந்து நாள் கடைச் செலவு 700. ஆக 25,500 ரூபாய். கழிந்தவை: அழுகலும் பேடும் 10, பாரை பட்டவை 18, வெயில் உடைத்தவை 14, திரும்பி வந்தவை 6. மொத்தம் 48. தேறிய காய் 952. அதில் பெரியது 700, சிறியது 252.

பெரிய காயில் 22,400 ரூபாய், சிறிய காயில் 6,552 ரூபாய். கீறிய காய்களில் 270ம் 80மாக 350 ரூபாய். மட்டையில் 800. மொத்த வரவு 30,102. செலவு போக நிற்பது 4,602 ரூபாய். போட்ட பணத்தில் 18 சதவீதம். நோட்டுக் கணக்கின் 10,000 ரூபாயில் பாதிகூட இல்லை. ஐந்து நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 920 ரூபாய். விடியுமுன் கடை திறந்து இரவுவரை நிற்கும் அண்ணாச்சியின் உழைப்புக்குக் கூலியும் இதற்குள்தான்.

ஒற்றைக் காயின் உண்மையான அடக்க விலையைக் கண்டுபிடிக்க, செலவிலிருந்து மட்டையும் கீறலும் தந்த 1,150 ரூபாயைக் கழித்து, வரும் 24,350 ஐ 952 ஆல் வகுக்க வேண்டும். ஆயிரத்தால் அல்ல. விடை 25 ரூபாய் 58 காசு. தோப்பில் 22 ரூபாயாக இருந்த காய் விற்கும் மேசைக்கு வரும்போது மூன்றரை ரூபாய் ஏறியிருக்கிறது. அப்படியானால் 26 ரூபாய்க்கு விற்ற சிறிய காயில் கிடைத்தது 42 காசு மட்டும். லாபம் முழுவதும் பெரிய காயின் தோளில் நிற்கிறது. சிறிய காயை 24க்கு யாராவது கேட்டால் கொடுக்கக் கூடாதா? கொடுக்கலாம். வாங்கி வந்தாகிவிட்டது. இனி அதை அடக்க விலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. கொடுக்காவிட்டால் அது என்ன பெறும் என்றுதான் பார்க்க வேண்டும். ஏழாம் நாள் வெயிலில் அது விரிந்தால் 10 ரூபாய், இல்லையேல் ஒன்றுமில்லை. அடக்க விலையின் வேலை வேறு இடத்தில்: அடுத்த முறை தோப்புக்குப் போகும்போது, ஆயிரத்தில் கால்வாசி சிறிய காய் என்று தெரிந்தால் 22 ரூபாய்க்கு ஒத்துக்கொள்வதா என்று அது சொல்லும்.

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பட்டது வேறொன்று. ஆயிரத்தில் 10 பெரிய காய் கூடுதலாக வீணானால் 320 ரூபாய் போகிறது. அது லாபத்தில் நூற்றுக்கு ஏழு. ஒரு சதவீதக் காய், ஏழு சதவீத லாபம். அதே 320 ரூபாயைத் தோப்புக்காரரிடம் பேரம் பேசிப் பிடிக்க வேண்டுமானால் காய்க்கு 32 காசு குறைக்க வேண்டும். மட்டைக்கு ஆள் கிடைக்காமல் போனால் குறையும் 1,100 ரூபாய், லாபத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அண்ணாச்சிகள் அரை மணி நேரம் தோப்பில் நின்று பேசிப் பெறுவதைப் பாரையடியிலும் மேசை நிழலிலும் பெற்றுவிட முடியும்.

தோப்புப் பேரத்தின் இன்னொரு பெயர் லாபக்காய். தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளில் இதைச் சொன்னால் விவசாயியின் முகம் சுருங்கும். ஆயிரம் காய்க்கு விலை பேசிவிட்டு, கழிவுக்கென்று நூறோ அதற்கு மேலோ கூடுதலாக எண்ணி எடுத்துக்கொள்வது. கேட்டால், அழுகல் வருமே, உடைசல் வருமே என்பது பதில். அந்தப் பதிலை நம் சுமையில் வைத்துப் பார்க்கலாம். கழிந்த 48 காயில் தோப்பிலிருந்தே பழுதோடு வந்தவை எவை? அழுகலும் பேடும் 10. திரும்பி வந்த 6 காயையும் தோப்பின் கணக்கிலேயே வைத்துவிடலாம். மொத்தம் 16. பாரை பட்ட 18 காய் வியாபாரியின் ஆள் உரித்தது. வெயிலில் விரிந்த 14 காய் வியாபாரியின் மேசையில் விரிந்தது. மரத்திலிருந்து இறங்கும்போது நன்றாக இருந்த காய்க்கு விவசாயி எதற்காக ஈடு கொடுக்க வேண்டும்? ஆயிரத்துக்கு 16 கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது, 20 என்று முழுமையாக்கினாலும் ஏற்கலாம். நூறு எடுத்தால், அதில் எண்பதுக்கு மேல் கழிவின் பெயரைச் சொல்லி எடுத்த நல்ல காய். காய் 22 ரூபாய் என்றால் ஆயிரத்துக்கு 1,800 ரூபாய்க்கு மேல் விவசாயியின் பையிலிருந்து போகிறது.

இதைச் சீராக்கப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். உரித்து முடித்ததும் கழிந்த காயை இரண்டு குவியலாகப் பிரித்துப் போட்டாலே போதும். உள்ளே கெட்டது ஒரு குவியல், ஓடு உடைந்தது இன்னொரு குவியல். முதல் குவியலை எண்ணி அடுத்த சுமையில் தோப்புக்காரரோடு பேசலாம். இரண்டாவதை எண்ணி உரிப்பவரோடும், கடையில் காய் அடுக்கும் பையனோடும் பேசலாம். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் குப்பையில் எறியும் கடைகளில்தான், யாருடைய காய் யார் கணக்கில் கழிகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.